சக்கரம் சுமக்கும் கணக்கு

விண்வெளியில் ஒரு செயற்கைக்கோள் திரும்ப வேண்டுமெனில், அதற்கு ஊன்றிக்கொள்ள நிலமில்லை, துழாவக் காற்றுமில்லை. ஆயினும் ஒரு துளி எரிபொருளும் செலவிடாமல் அது திரும்புகிறது. அதனுள் ஒரு மின்மோட்டார் கனத்த சக்கரமொன்றைச் சுழற்றுகிறது. சக்கரம் ஒரு திசையில் சுழலத் தொடங்கியதும் கோளின் உடல் எதிர்த்திசையில் மெல்லத் திரும்பத் தொடங்குகிறது. வெளியிலிருந்து முறுக்குவிசை எதுவும் செயற்படாதவரை மொத்தக் கோண உந்தம் மாறுவதில்லை. எனவே சக்கரம் எவ்வளவு பெறுகிறதோ, அவ்வளவை எதிர்க்குறியுடன் உடலும் பெற்றே ஆக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். உடலின் நிலைமத் திருப்புத்திறன் 1000 அலகு, சக்கரத்தினுடையது 0.1 அலகு. விகிதம் பத்தாயிரம். ஆகவே உடல் கால் சுற்றுத் திரும்ப, சக்கரம் 2500 முறை சுழல வேண்டும். பத்து நிமிடத்தில் அதை முடிக்க, நிமிடத்திற்குச் சராசரியாக 250 சுற்றுகள் போதும். பின்னர் மோட்டார் சக்கரத்தை நிறுத்துகிறது. அக்கணமே உடலும் நிற்கிறது. கோண உந்தம் தொடக்கத்திலும் சுழியம், முடிவிலும் சுழியம். திசை மட்டும் மாறியிருக்கிறது.

ஆனால் வெளிவிசை முற்றிலும் இல்லாத இடம் விண்வெளியிலும் இல்லை. சூரிய ஒளியே கோளை மெல்லத் தள்ளுகிறது. அத்தள்ளல் சமச்சீராக விழாதபோது முறுக்குவிசை பிறக்கிறது. கோள் அசையாதிருக்கச் சக்கரம் அதனை ஏற்று, நாள்தோறும் சற்றே விரைந்து சுழல்கிறது. சக்கரத்தால் கோண உந்தத்தைச் சேமிக்க இயலும், அழிக்க இயலாது. வேக எல்லையை எட்டிவிட்டால் அதற்குமேல் அது எதையும் ஏற்காது. பூமிக்கு அருகே சுற்றும் கோள்கள் மின்காந்தச் சுருள்களைப் பூமியின் காந்தப்புலத்திற்கு எதிராக இயக்கி இச்சுமையை இறக்கலாம். பூமியை விட்டு விலகிய கோளுக்கு அவ்வாய்ப்பில்லை. அது உந்துபொறியை இயக்கித்தான் சக்கரத்தின் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

2009இல் ஏவப்பட்ட கெப்ளர் தொலைநோக்கி அத்தகையது. அது சூரியனைச் சுற்றியது. நான்கு சக்கரங்களைக் கொண்டிருந்தது. விண்மீன்களைத் துல்லியமாக நோக்க அவற்றுள் மூன்றேனும் தேவை. 2012 ஜூலையில் ஒன்று பழுதுற்றது. 2013 ஜனவரியில் இன்னொன்றில் உராய்வு மிகுந்தது. அதே வேகத்தைக் காக்க மோட்டார் கூடுதலாக முறுக்க வேண்டியிருப்பதே இந்நோயின் அறிகுறி. மே மாதம் அதுவும் நின்றது.

பகையாயிருந்த ஒளியைப் பொறியாளர்கள் அப்போது துணையாக்கினர். சூரியத் தகடுகளின் மீது ஒளி இருபுறமும் சமமாக விழுமாறு தொலைநோக்கியை நிறுத்தினர். இரு அச்சுகளை எஞ்சிய சக்கரங்கள் காத்தன. மூன்றாம் அச்சில் ஏற்பட்ட சிறு சாய்வை உந்துபொறி ஏறத்தாழ ஆறு மணிக்கொருமுறை திருத்தியது. இவ்வாறு 2014 முதல் அதன் பணி தொடர்ந்தது. 2018 அக்டோபரில் எரிபொருள் தீர்ந்தபோது, எஞ்சிய இரு சக்கரங்களால் மட்டும் அதனைக் காக்க முடியவில்லை.