சிவப்புக் கோடு

எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினின்றும் நகை பிறக்கும் எனத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும். எள்ளலை விளக்கப் புகுந்த பேராசிரியர், பிறரை எள்ளித் தான் நகுதல், பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் என அதனை இருவகையாக்குவர். ஓய்வுபெறும் ஒருவருக்கு அளிக்கும் விருந்தில் வாழ்த்துரைக்க எழுபவன் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது இப்பாகுபாட்டையே. மாலை சூடி அமர்ந்திருப்பவரை எள்ளி நகுதல் எளிது. அவரும் சேர்ந்து நகுமாறு செய்தல் அரிது.

மல்லாவிப் பகுதிப் பாடசாலையொன்றில் அறுபது வயது நிறைந்து இளைப்பாறும் பிரதி அதிபர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். மண்டபத்தில் விருந்து. முன்வரிசையில் அவர் துணைவியாரும் பிள்ளைகளும் இருக்கின்றனர். பின்னே சக ஆசிரியரும் பழைய மாணவரும். துணுக்காய், பாண்டியன்குளம் பக்கங்களிலிருந்து வந்தோர் இருளில் மோட்டார் சைக்கிளிற் திரும்ப வேண்டியவர்கள். சோறும் கறியும் ஆறிக்கொண்டிருக்கின்றன. ஆதலால் உரை ஐந்து நிமிடத்தைத் தாண்டலாகாது. அதற்குள் ஒரு செய்தியே போதும். மூன்று பகிடிகளை அடுக்குபவனுக்கு மூன்றும் பாழாகும்.

அந்த ஒரு செய்தி எது? எல்லாரும் அறிந்ததாயும், அவரே வெளிப்படையாகச் செய்து வந்ததாயும் இருத்தல் வேண்டும். நம் பாடசாலைகளில் காலையில் உரிய நேரம் வந்ததும் வரவுப் பதிவேட்டிற் சிவப்புக் கோடு கீறப்படும். அதன்பின் வருபவர் கோட்டின் கீழே ஒப்பமிட வேண்டும். நம் பிரதி அதிபர் அக்கோட்டை ஒரு நிமிடமும் பிந்தாது கீறுபவர் என்க. இதனைக் கையாள இரு வழிகள் உண்டு. 'சேரின் சிவப்புப் பேனைக்கு இரக்கமே இல்லை' என்று ஒருவன் தொடங்கினால் பின்வரிசை சிரிக்கும். ஆனால் அச்சிரிப்பில் பழைய கோபமும் கலந்திருக்கும். அவர் புன்னகை செய்வார். கண்கள் மட்டும் தட்டிலே நிலைக்கும். துணைவியார் அவர் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார். பிழைத்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மற்றையவன் பேதைமையைத் தன்மேல் ஏற்றுக்கொள்வான்: 'இப்பாடசாலைக்கு வந்த முதல் மாதம் என் பெயர் சிவப்புக் கோட்டுக்கு மேலே ஏறியதேயில்லை. மாங்குளத்திலிருந்து வரும் பஸ்ஸைக் குற்றஞ்சொன்னேன். சேர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அதே பஸ்ஸிலிருந்து எனக்கு முன்னே இறங்கி நடந்தார். அன்று எங்கள் இருவர் பெயருமே கோட்டின் கீழே இருந்தன. கோட்டைக் கீறியவரும் அவரே!'

இங்கே நகைக்கப்படுபவன் பேசுபவன், உயர்பவர் அவர். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடஞ் சென்ற ஔவையார் செய்ததும் இதன் உறவான செயலே. தொண்டைமானின் படைக்கலங்கள் பீலியும் மாலையும் அணிந்து நெய் பூசப்பட்டுக் காவல்மனையில் இருக்க, அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்திற் கிடக்கின்றன என்றார். குறைபோலச் சொல்லப்பட்டது உழைப்பின் அடையாளம். பழிப்பது போலப் புகழ்தல் எனத் தண்டியலங்காரம் இலேச அணியுள் அடக்குவது இவ்வகையையே. தேய்ந்த சைக்கிள், மங்கிய கண்ணாடி, சுண்ணக்கட்டி படிந்த சட்டைக் கை ஆகிய யாவும் இவ்வணிக்கு இடந்தருவன. நோய், ஓய்வூதியம், கிடையாது போன பதவி, வீட்டு விவகாரம் என்பவை தருவனவல்ல. அவற்றில் மெய்யான வலி உண்டு. ஐயமெழுந்தால் துணைவியாரிடம் முன்னரே சொல்லிக் காட்டலாம். அவர் சிரித்தால் மேடையிலும் சொல்லலாம்.

வன்னியில் இன்னொரு எல்லையும் உண்டு. 2008 ஆம் ஆண்டில் மல்லாவி மக்கள் இடம்பெயர்ந்து கிழக்கு நோக்கிச் சென்றனர். மண்டபத்தில் இருப்போருட் பலர் அவ்வழியில் எவரையேனும் இழந்தவர்கள். அவ்வாண்டைச் சொல்லாது விடின் ஓர் ஆசிரியரின் சேவைக்காலம் பொய்யாகும். நகையோடு சேர்த்துச் சொன்னாலோ கொடுமையாகும். ஆகவே பேசுபவன் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்து, குரலைத் தாழ்த்தி ஒரு வாக்கியம் மட்டும் சொல்வான்: 'கோடு கீறப் பதிவேடும் இல்லாத நாட்களில், மரத்தின் கீழே பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்து எண்ணியவரும் இவரே.' அதற்கு விளக்கம் தேவையில்லை. பிள்ளைகளை ஏன் எண்ணினார் என்பதை அம்மண்டபம் அறியும்.

பின்னர் அவையோரை எழுந்து நிற்கச் சொல்வான். கையிலிருப்பது சோடாவோ தோடம்பழச் சாறோ, அது பொருளன்று. 'நாளை முதல் எந்தக் கோடும் இல்லாத காலைகள் எங்கள் சேருக்கும், அவரை இத்தனை ஆண்டு விடியமுன் அனுப்பி வைத்த அம்மாவுக்கும் வாய்க்கட்டும்' என்று கிண்ணத்தை உயர்த்துவான்.

பதிலுரைக்கு எழும் பிரதி அதிபர், வாய் திறக்குமுன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, 'தம்பி, இரண்டு நிமிடம் பிந்திவிட்டீர்' என்பாராயின், முன்வரிசையே முதலிற் சிரிக்கும்.