இத்தா முடிந்து கடமைக்குத் திரும்பும் சகோதரிகளுக்கு

கணவர் வஃபாத்தான பின் இத்தா விடுமுறையில் இருக்கும் இரண்டு டீச்சர்மார் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "திரும்பிப் போகும்போது கடிதத்தில் எந்தத் திகதியைப் போடுவது?" என் அனுபவத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

அரசாங்க சேவையில் இருக்கும் முஸ்லிம் பெண்ணுக்குக் கணவர் மரணித்தால் 4 மாதமும் 10 நாளும் இத்தா விடுமுறை உண்டு. தாபனக் கோவையில் உள்ள உரிமை அது. ஆனால் மார்க்கம் பிறை மாதத்தை எண்ணுகிறது, அலுவலகம் சுவரில் தொங்கும் நாட்காட்டியை எண்ணுகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

என் கணவர் 2025 மே 5 ஆம் திகதி வஃபாத்தானார். அலுவலகம் அங்கீகரித்த விடுமுறை மே 5 முதல் செப்டெம்பர் 14 வரை, மொத்தம் 133 நாள். பிறை மாதம் 29 அல்லது 30 நாள்தானே. மௌலவி எண்ணிப் பார்த்து, 128 ஆவது நாளான செப்டெம்பர் 9 உடன் இத்தா முடிகிறது என்றார். இடையில் ஐந்து நாள். வீட்டில் இருக்க எனக்கு மனம் வரவில்லை. சாதாரண தரப் பிள்ளைகளின் பாடம் பாதியில் நின்றிருந்தது. 10 ஆம் திகதி புதன்கிழமை பாடசாலைக்குப் போனேன்.

அங்கே கிடைத்த மாதிரிக் கடிதத்தில் "விடுமுறை முடிந்து இன்று கடமையேற்றேன்" என்று ஒரே வரிதான் இருந்தது. அதை அப்படியே கொடுத்தால் என் கோவையில் விடுமுறை 14 வரை என்றும், வரவுப் பதிவேட்டில் 10 ஆம் திகதி கையொப்பம் என்றும் கிடக்கும். வருடங்கள் கழித்து சம்பள ஏற்றத்துக்கோ ஓய்வூதியத்துக்கோ கோவையைப் புரட்டுகிறவர் எதை நம்புவார்? அதனால் நான் இப்படி எழுதினேன்:

"2025.05.05 முதல் 2025.09.14 வரை எனக்கு இத்தா விடுமுறை அங்கீகரிக்கப்பட்டது. அதில் 2025.09.09 வரை மட்டுமே பயன்படுத்தினேன். 2025.09.10 முற்பகல் கடமையை மீளப் பொறுப்பேற்றேன். 2025.09.10 முதல் 2025.09.14 வரையான விடுமுறையை இரத்துச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

மேலே விடுமுறையை அங்கீகரித்த கடிதத்தின் இலக்கமும் திகதியும். கீழே அதிபர் சேரின் உறுதிப்படுத்தலும் முத்திரையும். அன்றே வரவுப் பதிவேட்டில் கையொப்பம் வைத்தேன், சம்பவத் திரட்டுப் புத்தகத்திலும் பதியச் சொன்னேன். வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போன கடிதத்தின் பிரதியொன்றில் "கிடைத்தது" என்ற முத்திரையை வாங்கி வீட்டுக் கோவையில் வைத்திருக்கிறேன்.

விடுமுறை முழுவதையும் எடுப்பதும் உங்கள் உரிமைதான். அப்படியென்றால் கடைசி நாளுக்கு அடுத்த வேலை நாளில் பொறுப்பேற்க வேண்டும். என் கணக்கில் 14 ஞாயிறு, ஆகவே 15 திங்கள். அன்றும் போகாவிட்டால் அந்த நாளுக்குப் புதிதாக விடுமுறை கேட்க வேண்டிவரும்.

அந்தக் கடிதத்தில் முதல் தடவையாக "திருமதி" என்று எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. அவருக்காக துஆ செய்யுங்கள்.