ஒரு கையெழுத்து குறையும்

உனக்கு மாறுதல் ஆணை வந்ததிலிருந்து ஆசிரியர் அறையில் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இனிமே தனியாவா மேடம் மலையிலிருந்து வருவீங்க?" அவர்கள் பேருந்தைச் சொல்கிறார்கள். நான் வேறு எதையெதையோ நினைத்துக்கொள்கிறேன்.

செம்மேட்டில் ஏறி, சோளக்காடு தாண்டி, காரவள்ளி அடிவாரம் வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஜன்னலோர இருக்கை உனக்கு. குமட்டலுக்கு உன் கையில் ஓர் எலுமிச்சம்பழம். வளைவுகள் முடியும்வரை நாம் பேசியதில்லை. சமதரைக்கு வந்ததும் நீ விடைத்தாள் கட்டை எடுப்பாய். நீ மதிப்பெண் சொல்வாய், நான் பதிவேட்டில் ஏற்றுவேன். பலாக் காலத்தில் உன் டப்பாவைத் திறந்தால் பேருந்து முழுக்க மணக்கும். கல்லூரி வருவதற்குள் அரைநாள் வேலை முடிந்திருக்கும்.

ஆனால் நான் அதிகம் இழக்கப்போவது கல்லூரிக்குள்தான். பெண் ஆசிரியர்களுக்கான கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் மற்றொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டாவது வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் நீ என்னைப் பார்ப்பாய். அந்தப் பார்வை போதும். நீ விடுப்பெடுத்த நாட்களில் நான் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவேன். அப்படி அடக்கியே சிறுநீர்த் தொற்று வந்து, இரண்டு முறை மருந்து சாப்பிட்டேன். அது உனக்கு மட்டும்தான் தெரியும். பிறரிடம் சொல்லக் கூசுகிற இத்தகைய விஷயங்களைப் பங்கிட்டுக்கொள்வதைத்தான் பெண்கள் வேலையிடத்தில் நட்பு என்கிறோமோ?

தமிழ் படித்தவள் என்பதால் பிரிவு என்றதும் தொல்காப்பியம் நினைவுக்கு வருகிறது. உடன்போக்கில் தோழிக்கு அங்கே நிறைய வேலை உண்டு. வழியின் இடர்களைச் சொல்ல வேண்டும், தலைவியை அனுப்பிவைக்க வேண்டும், கலங்கும் தாயைத் தேற்ற வேண்டும். தலைவி போன பிறகு தாயின் புலம்பலைக் கேட்கிறோம். மறுநாள் காலை எழுந்து அதே சுனைக்குத் தனியாகப் போயிருக்கக்கூடிய தோழியின் குரலை நான் தேடிக்கொண்டே இருக்கிறேன். அவள் பெரும்பாலும் வேறொருத்திக்காகவே பேசுகிறாள். அவளுக்கென்று ஓர் ஏக்கம் இருந்திருக்காதா?

உன் அம்மாவைப் பார்த்துக்கொள்ள நீ கேட்டு வாங்கிய மாறுதல் இது. போகாதே என்று சொல்ல எனக்கு மனமில்லை. பணி விடுவிப்பு ஆணையில் நீ கையெழுத்திட்டபோது நான்தான் பேனா கொடுத்தேன்.

புதிய கல்லூரியில் சேர்ந்ததும் முதலில் கதவைப் பார். தாழ்ப்பாள் இருக்கிறதா என்று எனக்குச் சொல். இங்கே நான் திங்கட்கிழமை மறுபடியும் மனு எழுதப்போகிறேன். வாசகம் நாம் சேர்ந்து எழுதியதுதான், ஒரு சொல்லும் மாறாது. கீழே மட்டும் ஒரு கையெழுத்து குறையும்.