விடுப்புக்கு முன் எழுதிய குறிப்பு

வங்கத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தாருக்குச் சொந்த ஊர்ப் பயணம் என்பது இரண்டு மூன்று நாட்களில் முடிந்துவிடும் காரியமன்று. ஹவுராவில் சென்னை மெயிலில் ஏறினால் இரண்டு இரவுகளும் ஒரு பகலும் வண்டியிலேயே கழிகின்றன. ஆகையால் நம்மவர் விடுப்பு எடுத்தால் வாரக்கணக்கில்தான் எடுப்பர். என் தங்கையின் திருமணத்தை முன்னிட்டு, கணக்கில் சேர்ந்திருந்த விடுப்பில் 45 நாட்களை 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் தேதி முதல் நான் எடுத்துக்கொண்டேன். புறப்படுமுன் சக ஊழியருக்கு எழுதிக் கொடுத்த பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பைப் பற்றி நேயர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன்.

கார்டன் ரீச்சிலுள்ள தென்கிழக்கு ரயில்வே தலைமைக் காரியாலயத்தில், ஓய்வு பெறுவோருக்கும் இறந்த ஊழியரின் குடும்பத்தாருக்கும் சேரவேண்டிய தொகைகளுக்கான காகிதங்களைத் தயாரிக்கும் பிரிவில் நான் எழுத்தர். என் மேஜையை ஏற்றவர் ஒரு வங்காளி இளைஞர். என்னைத் ‘தாதா’ என்று அழைப்பவர். வேலையில் கெட்டிக்காரர். ஆயினும் வேறு பிரிவிலிருந்து வந்தவராதலால் என் கோப்புகள் எவற்றையும் அவர் அறியார்.

‘சார்ஜ்’ ஒப்படைக்கும் தாளில் இருவரும் கையொப்பமிடும் வழக்கம் எங்களிடம் உண்டு. சாவிகள் இத்தனை, பணிப்பதிவேடுகள் இத்தனை, கோப்புகள் இத்தனை என்று அது எண்ணிச் சொல்லும். ஆனால் அலமாரியில் என்ன இருக்கிறது என்பதைத்தான் அத்தாள் கூறுமே யல்லாமல், நாளைக் காலையில் எதை முதலில் எடுக்கவேண்டும் என்பதைக் கூறாது. அதைக் கூறுவதற்கே தனியாக ஒரு குறிப்பு வேண்டியிருக்கிறது.

ஆகவே அக்குறிப்பைக் கோப்பு எண்களின் வரிசையில் எழுதாமல், கெடுத் தேதிகளின் வரிசையில் எழுதினேன். ஒவ்வொரு விஷயத்திற்கும் நான்கு வரிகள்: இப்போது எந்நிலையில் இருக்கிறது, அடுத்துச் செய்யவேண்டியது யாது, எத்தேதிக்குள், முடிந்தது என்பதற்கு அடையாளம் என்ன. இந்நான்காவது வரியைப் பலர் எழுதுவதில்லை. ‘கணக்குப் பிரிவுக்கு அனுப்பவும்’ என்று மட்டும் எழுதினால், அனுப்பியதோடு வேலை முடிந்ததாகப் புதியவர் எண்ணக்கூடும். ‘கணக்குப் பிரிவின் ஒப்புதல் எண் கோப்பில் ஏறினால் முடிந்தது’ என்று எழுதினால் ஐயத்திற்கு இடமில்லை.

முதல் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். அக்டோபர் 31-ஆம் தேதி எங்கள் பட்டியலில் ஓய்வு பெறவேண்டியவர் மூவர். ரயில்வே ஊழியர் அறுபது வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறார். ஆனால் ஒரு மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர், அதற்கு முந்திய மாதத்தின் கடைசி நாளிலேயே ஓய்வு பெறவேண்டும் என்பது விதி. அம்மூவரில் ஒருவர் 1965 நவம்பர் 1-இல் பிறந்தவர். பிறந்த மாதத்தைக் கொண்டு பதிவேட்டைப் புரட்டுவோருக்கு இருவரே அகப்படுவர். மூன்றாமவர் நவம்பர்க் கட்டில் உறங்குவார். எனவே, ‘மூவர், இருவர் அல்லர். மூன்றாமவர் நவம்பர் 1-இல் பிறந்தவர்’ என்று காரணத்தோடு எழுதிவைத்தேன். காரணம் இல்லாத எண்ணைப் புதியவர் பிழையெனக் கருதித் திருத்திவிடுதல் இயல்பே.

அம்மூன்றாமவரின் கோப்பில் இன்னொரு முடிச்சும் இருந்தது. அவர் 1994 ஜூலை 1-இல் பணியில் சேர்ந்தவர். ஓய்வு பெறும் நாளில் 31 ஆண்டுகளும் 4 மாதங்களும் சேவை ஆகிறது. ஆனால் 1998-இல் வேறோர் அலுவலகத்தில் பணியாற்றிய நான்கு மாதங்களுக்குப் பதிவேட்டில் சரிபார்ப்புக் கையொப்பம் இல்லை. பணிக்கொடை அரையாண்டுக் கணக்கில் கணிக்கப்படுவது. முடிந்த ஒவ்வோர் அரையாண்டுக்கும் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் கால் பங்கு. மிச்சமுள்ள மாதங்கள் மூன்றோ அதற்கு மேலோ ஆனால் அவையும் ஓர் அரையாண்டாகும். மூன்றுக்குக் குறைந்தால் விடுபடும். முழுச் சேவைக்கு 63 அரையாண்டுகள் வருகின்றன. நான்கு மாதங்களைக் கழித்தால் 62 தான். அவருடைய தொகை மாதம் 80,000 ரூபாய் என்று கொண்டால், ஒரு கையொப்பத்தின் விலை 20,000 ரூபாய். ‘சரிபார்ப்புக் கடிதம் செப்டம்பர் 15-இல் அனுப்பப்பட்டது, அக்டோபர் 10-க்குள் பதில் வராவிடில் தொலைபேசியில் கேட்கவும், 17-ஆம் தேதியும் வராவிடில் கண்காணிப்பாளரிடம் கோப்பை வைக்கவும், தாங்களாக 62 என்று எழுதவேண்டா’ என்று குறித்தேன். எதுவரை புதியவர் தாமே செய்யலாம், எங்கே மேலதிகாரியிடம் செல்லவேண்டும் என்ற எல்லையைக் கோடிட்டுக் காட்டுவதும் மரியாதையே. இல்லையேல் பிறர் பழியை அவர் சுமக்க நேரும்.

இரண்டாவது விஷயம், பணியிலிருக்கும்போதே காலமான ஊழியர் ஒருவரின் மனைவியாரைப் பற்றியது. அவ்வம்மையார் தமிழ்நாட்டில் வசிப்பவர். கணவரின் பணிப்பதிவேட்டில் அவர் பெயர் தனியாக இருக்கிறது. ஆதார் அட்டையில் தந்தையின் முதலெழுத்தோடு இருக்கிறது. வங்கிப் புத்தகத்திலோ கணவரின் முழுப்பெயர் பின்னால் நிற்கிறது. தமிழருக்கு இதில் வியப்பில்லை. ஆனால் முதலெழுத்து வழக்கத்தை அறியாதவர் கண்ணுக்கு இம்மூவரும் வேறு வேறு பெண்களாகத் தோன்றலாம். கோப்பும் திரும்பிப் போகலாம். மூன்று பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரம் கோப்பின் 31-ஆம் பக்கத்தில் இருப்பதை நான் குறித்தேன். அதனோடு கோப்பில் எங்கும் எழுதப்படாத ஒன்றையும் சேர்த்தேன். அவ்வம்மையார் மாதத்தின் முதல் வாரத்தில் தொலைபேசியில் விசாரிப்பார். தமிழன்றி வேறு மொழி அறியார். நவம்பருக்குள் பதில் சொல்வதாக நான் வாய்மொழியாகக் கூறியிருக்கிறேன். அவர் பேசும்போது மொழிபெயர்த்து உதவ, கணக்குப் பிரிவிலுள்ள நம் தமிழன்பர் ஒருவர் இசைந்திருந்தார். வாய்ச்சொல்லாகக் கொடுத்த வாக்கு, கொடுத்தவரோடு ரயிலேறிப் போய்விடக்கூடாது அல்லவா?

குறிப்பில் சேர்க்கலாகாதவையும் உண்டு. கணினியின் கடவுச்சொல்லை எழுதலாகாது. புதியவருக்கு அவர் பெயரிலேயே அனுமதி வாங்கித் தரவேண்டும். இல்லையேல் அவர் செய்த வேலை என் பெயரில் பதிவாகும். ‘எப்போது வேண்டுமாயினும் என்னை அழைக்கலாம்’ என்றும் நான் எழுதவில்லை. முகூர்த்த நாளில் மணப்பந்தலில் நிற்பவனை அழைக்க எந்த நல்ல நண்பரும் தயங்குவார். அத்தயக்கத்தில் வேலை தேங்கும். அதற்குப் பதிலாக, ‘மாலை 6 மணிக்கு மேல் அழைக்கலாம்; நவம்பர் 1 முதல் 5 வரை மட்டும் இயலாது’ என்று எழுதினேன்.

குறிப்பு மொத்தம் இரண்டு பக்கம். ஆங்கிலத்தில், சிறு சிறு வாக்கியங்களில். பூஜை விடுமுறை தொடங்குமுன், செப்டம்பர் 24-ஆம் தேதியே அதை நண்பரிடம் கொடுத்து, நான் அருகில் அமர்ந்து வாய் திறவாமல் இருந்தேன். குறிப்பை மட்டும் கொண்டு மூன்று கோப்புகளை அவர் எடுத்தார். ‘தாதா, கணக்குப் பிரிவு பில்லைத் திருப்பினால் யாரிடம் முதலில் சொல்வது?’ என்று கேட்டார். அவ்விடையையும் ஒரு வரியாகச் சேர்த்தோம். இறுதியில், ‘என் பொருட்டு இச்சுமையை ஏற்றமைக்கு நன்றி’ என்று ஒரே வாக்கியம் எழுதிக் கையொப்பமிட்டேன்.

நவம்பர் 20-ஆம் தேதி திரும்பியபோது, என் குறிப்பின் ஒவ்வொரு விஷயத்திற்கும் எதிரே அவர் தேதியிட்டு எழுதியிருந்தார். சரிபார்ப்புக் கடிதம் அக்டோபர் 14-இல் வந்தது, அரையாண்டுகள் 63. அம்மையாரின் கோப்பு கணக்குப் பிரிவைக் கடந்திருந்தது. கீழே, புதிதாக வந்த நான்கு கோப்புகளுக்கு, அவரும் நான்கு நான்கு வரிகளில் நிலை எழுதிவைத்திருந்தார். அன்று பத்து மணிக்கே என்னால் வேலையைத் தொடங்க முடிந்தது.