பையில் எழுதியிருந்த 5

ஒரு ஜனவரியில் ஹோர்ட்டன் சமவெளியில் கூடாரம் அடித்துத் தங்கினோம். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த நாலு பேர். நாலு பேரிடமும் ஒரே மாதிரி ஸ்லீப்பிங் பாக். உறையில் பெரிசா 5 பாகை எண்டு அடிச்சிருந்தது. விடியப்புறம் நாலு மணிக்குக் கொண்டுபோன வெப்பமானியும் சரியா 5 காட்டியது. ஆனா எங்களில் ஒருத்தி அதுக்கு முதலே எழும்பி, பல்லுக் கிடுகிடுக்க இருந்தாள். "உனக்குக் குளிர் தாங்கிற உடம்பில்லை" எண்டு சொல்லிச் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்து பையின் உள்தையலில் இருந்த சின்னத் துணி லேபிளை வாசித்தபோதுதான் வெட்கமாகப் போனது. அதில் மூன்று எண்கள். கம்ஃபர்ட் 9, லிமிட் 5, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 8.

ஐ.எஸ்.ஓ. 23537 என்ற தரத்தின்படி, சூடேற்றிய பொம்மை ஒன்றுக்கு நீளக்கை உள்ளுடுப்புப் போட்டு, பைக்குள் விட்டு, பாயில் கிடத்தி, குளிர் அறையில் அளக்கிறார்கள். அந்த அளவை வைத்துத்தான் எண்களைக் கணக்கிடுகிறார்கள். கம்ஃபர்ட் என்பது ஒரு சராசரிப் பெண் கைகால் தளர்த்தி, குளிராமல் தூங்கக்கூடிய வெப்பநிலை. லிமிட் என்பது ஒரு சராசரி ஆண் உடம்பைச் சுருட்டிக்கொண்டு, குளிருக்கு எழும்பாமல் எட்டு மணித்தியாலம் சமாளிக்கக்கூடிய எல்லை. எக்ஸ்ட்ரீம் தூங்கிறதுக்கான எண்ணே இல்லை. உடல் ஆபத்தாகக் குளிர்ந்துபோகக்கூடிய நிலையில் உயிர் தப்புவதற்கான எண் அது.

அப்போ உறையில் பெரிசா இருந்த 5, லிமிட். எங்கட சிநேகிதிக்குப் பொருத்தமான எண் 9. அன்றைய இரவு அதைவிட 4 பாகை குறைவு. அவள் குளிரில் நடுங்கியது லேபிள் சொன்னபடியே நடந்தது. பிழை அவளின் உடம்பில் இல்லை, நாங்கள் வாசித்த இடத்தில்.

இன்னொன்றும் இருந்தது. சோதனையில் பொம்மைக்குக் கீழே குளிரைத் தடுக்கும் பாய் இருக்கிறது. அவளுக்குக் கீழே இருந்ததோ வெறும் தறப்பாள். உடம்புப் பாரத்தில் பையின் அடிப்பக்கப் பஞ்சு நசிந்துபோகும். நசிந்த பஞ்சுக்குள் காற்று நிற்காது, சூடும் நிற்காது. நிலத்துக் குளிர் நேரே முதுகில் ஏறும். லேபிளில் இருக்கிற 9கூட, நல்ல பாய் இருந்தால்தான் 9.

அடுத்த முறை போறதுக்கு முதல், அந்த இடத்தில் இரவு எவ்வளவுக்கு இறங்கும் எண்டு பார்த்தோம். அதைவிடக் குறைந்த கம்ஃபர்ட் எண் உள்ள பை ஒன்றை இரவல் வாங்கினோம். கீழே போட நுரைப்பாயும், படுக்கைக்கு மட்டும் எண்டு ஒரு காய்ந்த உடுப்பும் எடுத்தோம். அந்தப் பையை முதலில் அவளிடம்தான் குடுத்தோம். விடிய அவளைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.