இரவில் மட்டும் அணையும் கமரா

கல்லடியில் வாவிக்கரையோரம் மாமாவின் வளவில் நாலு கமரா. எல்லாத்துக்கும் ஒரே 12 வோல்ற், 2 அம்பியர் அடப்டர். பகலில் படம் தெளிவு. பொழுதுபட்டு இருட்டுப் பார்வை விளக்குகள் எரிந்ததும் நாலும் சேர்ந்து அணைந்து அணைந்து வரும்.

இரவில் ஒரு கமரா அரை அம்பியர் இழுக்கும். நாலுக்கும் 2 அம்பியர். அடப்டருக்கு மூச்சுவிட இடமில்லை. 12 வோல்ற், 3 அம்பியர் போட்டோம். அம்பியர் கூடினால் கமரா எரியாது, தேவையானதைத்தான் எடுக்கும். வோல்ற் மாறினால்தான் ஆபத்து.

மூன்று சரியாகின. தோணித்துறைப் பக்கக் கமரா மட்டும் இன்னும் அணைந்தது. ஒன்று மட்டும் அணைந்தால் வயரைப் பாருங்கள். 30 மீற்றர் நெற்வேர்க் கேபிள், மின்சாரம் போக ஒரு இழை, வர ஒரு இழை. கமராவைக் கழற்றி அளந்தால் மீற்றர் 12 காட்டும், நம்பாதீங்க. இரவில் கமரா ஓடும்போதே அதன் முனையில் அளந்தோம்: 9.5. மீதி இரண்டரை வோல்ற் வயரிலேயே போயிற்று.

வீடியோவுக்கு ஒரு சோடி போக மீதி ஆறு இழைகளை மூன்று மூன்றாகச் சேர்த்தோம். இப்போது 11.2. இதைவிடத் தூரமென்றால் தடித்த செப்பு வயர்தான். செப்புப் பூசிய அலுமினிய வயரில் இழப்பு இன்னும் கூடும். இணைப்புகளை உப்புக்காற்றுப் படாத பெட்டிக்குள் வையுங்கோ.