நன்றியுரைக்கு முன்பு

"யாராவது கேள்வி கேட்கலாம்" என்று ஒருங்கிணைப்பாளர் சொன்ன உடனே எழுந்து நிற்பவர் பெரும்பாலும் கேள்வி கேட்க எழுவதில்லை. கேள்வி இருப்பவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டு தயங்குவார். சொன்னதும் எழுபவருக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. நாம் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்திருக்கிறார், அவ்வளவுதான்.

*

2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 இறங்கிய பிறகு நிலாவைப் பற்றிப் பேச எந்த ஊருக்குப் போனாலும் ஒரு கேள்வி அங்கே நமக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறது. பேச்சு நிலாவின் தென்துருவத்தைப் பற்றியது. கேள்வியோ 1969-ஐப் பற்றியது. "சார், நிலாவுல காத்தே இல்லைன்னு நீங்களே சொன்னீங்க. அப்ப அமெரிக்காகாரன் நட்ட கொடி எப்படி ஆடுச்சு? ஸ்டுடியோவுல எடுத்த படத்தை நம்பிட்டு இங்க வந்து பாடம் நடத்துறீங்களே!" முதல் பாதி கேள்வி, இரண்டாம் பாதி அடி. அடிக்குப் பதில் சொல்லப் போனால் கேள்வி அப்படியே நிற்கும், கூட்டமும் அதைக் கவனித்துவிடும்.

*

கொடிக்கான விளக்கம் எளிது. மேல் விளிம்பில் ஒரு குறுக்குக் கம்பி இருந்தது. காற்றில்லாத இடத்தில் துணி தொங்கிப்போகும் என்று தெரிந்துதான் அதை வைத்து அனுப்பினார்கள். கம்பத்தைத் திருகி ஊன்றும்போது துணி ஆடியது. ஆட்டத்தைத் தணிக்கக் காற்று இல்லாததால் கூடுதல் நேரம் ஆடியது.

சிக்கல் இதற்குப் பிறகுதான். இதோடு நிறுத்தினால், "சரி, படத்துல நட்சத்திரம் ஏன் இல்ல?" என்று அடுத்தது வரும். அதற்கும் பதில் உண்டு: பகல் வெளிச்சத்தில் குறைந்த நேரம் மட்டும் திறந்து மூடும் கேமராவில் நட்சத்திரம் விழாது. அப்புறம் நிழல், அப்புறம் கதிர்வீச்சு. ஒவ்வொன்றுக்கும் நாம் சரியாகவே பதில் சொல்வோம். கேட்பவருக்கு அரை நிமிடம், நமக்கு மூன்று நிமிடம் என்று போய், நன்றியுரை வருவதற்குள் கூட்டத்தின் மனதில் தங்குவது ஒன்றுதான்: இவரிடம் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார்கள், இவர் சமாளித்துக்கொண்டே இருந்தார்.

ஆகவே கொடிக்கு இரண்டு வாக்கியம் போதும். மீதி நேரத்தை அடுத்த கேள்விக்கு இடம் வைக்காத ஒரே ஒரு தகவலுக்குக் கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்தே எடுத்து வர வேண்டியது அதைத்தான்.

*

எந்தத் தகவல் என்பதில் யோசனை தேவை. பலரும் சொல்வது கண்ணாடி. அப்பல்லோ வீரர்கள் வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்கள்மேல் இன்றும் பூமியிலிருந்து லேசரை அடித்துத் தூரம் அளக்கிறார்கள். அழகான தகவல்தான், ஆனால் ஓட்டை உண்டு. சோவியத்தின் ஆளில்லா வண்டிகளும் அதே போன்ற பிரதிபலிப்பான்களைக் கொண்டுபோய் வைத்தன. விவரம் தெரிந்தவர் எழுந்து அதைச் சொன்னால் நம் கையில் ஒன்றுமிருக்காது.

நான் வைத்திருப்பது கல். அப்பல்லோ பயணங்கள் ஆறும் சேர்ந்து கொண்டுவந்த கல்லும் மண்ணும் 382 கிலோ. அதே காலத்தில் சோவியத் மனிதரை அனுப்பாமல் இயந்திரங்களை மட்டும் அனுப்பி மூன்று முறை மண் எடுத்து வந்தது. மூன்றும் சேர்ந்து சுமார் 300 கிராம். இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்தாலே போதும், அரங்கம் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

*

சொல்லும் முறை. முதலில் கேள்வியை நாமே மைக்கில் திரும்பச் சொல்ல வேண்டும், அடியை உதிர்த்துவிட்டு: "ஐயா கேட்பது, நிலாவுக்கு மனிதர்கள் உண்மையிலேயே போனார்களா, அதற்கு என்ன ஆதாரம் என்பது." பின்வரிசைக்குக் கேட்கும். கேட்டவருக்கும் தன் கேள்வி மதிக்கப்பட்டதாகத் தோன்றும். நமக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். பிறகு:

"கொடி விரிஞ்சு நிக்கக் குறுக்குக் கம்பி வச்சிருந்தாங்க ஐயா, கம்பத்தைத் திருகி நட்டப்பதான் துணி ஆடுச்சு. ஆனா படத்தை நம்ப வேண்டாம், கல்லைப் பார்ப்போம். மெஷினை மட்டும் அனுப்பின ரஷ்யாவுக்கு மூணு தடவையில கிடைச்சது சுமார் முந்நூறு கிராம். ஆள் அனுப்பின அமெரிக்காவுக்கு ஆறு தடவையில கிடைச்சது முந்நூத்தி எண்பத்திரண்டு கிலோ. பல நாட்டு ஆய்வாளர்கள் அந்தக் கல்லை இன்னைக்கும் ஆராயுறாங்க. அப்பல்லோ 11 இறங்கின இடத்தை நம்ம சந்திரயான்-2 மேலேயிருந்து படமே எடுத்திருக்கு. விருப்பமிருந்தா முடிஞ்சதும் போன்ல காட்டுறேன்."

முக்கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதல் வாக்கியத்தைக் கேட்டவரைப் பார்த்துச் சொல்லலாம். கல்லுக்கு வரும்போது பார்வை அரங்கத்துக்குப் போய்விட வேண்டும், கடைசிச் சொல் வேறு மூலையில் முடிய வேண்டும். அவரையே பார்த்து முடித்தால் "அப்போ..." என்று அவர் தொடங்குவதற்கு நாமே அழைப்பு விடுத்த மாதிரி.

*

கேட்டவரைப் பார்த்து அரங்கம் சிரித்துவிட்டால் அந்தப் பதில் தோற்றுவிட்டது. அதே எண்ணத்தோடு சும்மா உட்கார்ந்திருக்கும் நான்கைந்து பேர் அந்தச் சிரிப்பைத் தங்கள்மேல் வாங்கிக்கொள்வார்கள். மனப்பாடம் செய்த நகைச்சுவை இங்கேதான் காலை வாரும்.

(2002-இல் பஸ் ஆல்ட்ரினை வழிமறித்து, கோழை, பொய்யன் என்று திட்டிய ஒருவருக்கு முகத்தில் ஒரு குத்து விழுந்தது. ஆல்ட்ரினுக்கு அப்போது 72 வயது. வழக்கு எதுவும் வரவில்லை. நிலாவில் நடந்தவருக்கு அந்தச் சலுகை உண்டு போலிருக்கிறது.)

*

கேட்பவர் பக்கம் பாதி நியாயம் இருந்தால்? அதற்கு நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் காணொளி, 1997 மே மாதம் ஆப்பிள் நிறுவனத்தின் நிரலாளர் மாநாட்டில் ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்ன பதில். நிறுவனத்துக்கு ஆலோசகராகத் திரும்பி வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஓபன்டாக் என்ற தொழில்நுட்பத்தை ஆப்பிள் அப்போதுதான் கைவிட்டிருந்தது. அதை நம்பி உழைத்தவர்கள் அரங்கில் இருந்தார்கள். ஒருவர் எழுந்து, பேசும் விஷயம் உங்களுக்கே தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, கடந்த ஏழு வருடமாக நீங்கள் என்னதான் செய்தீர்கள் என்றும் கேட்டார்.

ஜாப்ஸ் உட்கார்ந்த இடத்திலேயே சில நொடிகள் பேசாமல் இருந்தார். பிறகு, இவர் சொல்வதில் சில இடங்களில் நியாயம் இருக்கிறது, வேறெதாலும் செய்ய முடியாத சிலவற்றை ஓபன்டாக் செய்யக்கூடும் என்று ஒப்புக்கொண்டார். அங்கிருந்து வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்பதில் தொடங்கித்தான் தொழில்நுட்பத்துக்கு வர வேண்டும் என்ற தன் வாதத்துக்கு நகர்ந்தார். லேசர் பிரிண்டரை உதாரணம் காட்டினார்: உள்ளே இருக்கும் நுட்பத்தை யாரும் கேட்கவில்லை, வெளியே வந்த தாள்தான் அதை விற்றது. ஏழு வருடக் கணக்கை மட்டும் அவர் தொடவே இல்லை. நெக்ஸ்ட், பிக்ஸார் என்று அடுக்கியிருக்கலாம். 'டாய் ஸ்டோரி' வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அடுக்கியிருந்தால் பேச்சு ஆப்பிளை விட்டு அவரைப் பற்றியதாக மாறியிருக்கும்.

வார்த்தைகள் அன்று யோசித்தவையாக இருக்கலாம். வாதம் அன்று யோசித்ததில்லை, பல வருடமாக மனதில் ஊறியது. நிலாக் கேள்விக்கு எண்களைத் தயாராக வைத்திருப்பதும் இதுவும் வேறு வேறு தயாரிப்பு. இரண்டாவதைத் துண்டுச்சீட்டில் எழுதி வர முடியாது.

*

தனிப்பட்ட கேள்விகள் தனி ரகம். கிரகணத்தைப் பற்றிப் பேசி முடித்ததும், "உங்க பொண்ணு கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கலையா?" என்பார்கள். பார்த்தேன் என்றாலும் வம்பு, பார்க்கவில்லை என்றாலும் வம்பு. "அது வீட்டு விஷயம் ஐயா. கிரகணத்துல நிழல் எந்த நேரம் எங்க விழும்னு கணக்குப் போட ஜாதகம் தேவைப்படலை, அதுவரைக்கும்தான் இன்னைக்குப் பேச்சு." குரல் ஏறாமல் சொன்னால் நிற்கும். ஏறினால் அடுத்த வாரம்வரை வீட்டு விஷயம்தான் ஊரில் பேச்சு.

*

ஏற்பாட்டாளர்களிடம் முன்கூட்டிச் சொல்லிவைப்பது இரண்டே விஷயம். மைக்கை அரங்கத்தில் யார் கையிலும் கொடுத்துவிட வேண்டாம், பிடித்திருப்பவரே நீட்டட்டும். கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவதற்குள் தகராறு ஆகிவிடும். அடுத்து, நேரம் முடிந்தது என்று சொல்வதற்கு முன் ஒரு பிள்ளையின் கேள்விக்கு இடம் வையுங்கள். "நிலாவுல மண்ணு என்ன வாசனை சார்?" என்று வரும். கலத்துக்குள் திரும்பி வந்து தலைக்கவசத்தைக் கழற்றிய வீரர்கள் வெடித்து முடிந்த வெடிமருந்தின் வாசனை மாதிரி இருந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டு நன்றியுரைக்குப் போகலாம்.